கம்பியை எங்கே வெட்டுவது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கணக்கைப் பற்றியது. பயந்து ஓடிவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் என்னிடம் படித்தவர்களுக்குத் தெரிந்ததைத் தாண்டி இதில் எதுவும் வராது. பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும்.

போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள், சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். என்ன கணக்கு என்று கேட்டேன். வாசித்துக் காட்டினாள். 28 மீட்டர் நீளமுள்ள கம்பியை இரண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒரு துண்டைச் சதுரமாகவும் இன்னொன்றை வட்டமாகவும் வளைக்க வேண்டும். இரண்டின் பரப்பளவும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றால், எந்த நீளத்தில் வெட்டுவது? என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் பல வருடங்களாக இருக்கிற கணக்குதான்.

எனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. கம்பியை வளைத்துச் சுற்றளவும் பரப்பளவும் நடத்தியவள் நான். ஒரே நீளக் கம்பியில் சதுரத்தைவிட வட்டம்தான் அதிக இடத்தை அடைக்கும் என்று எத்தனை வருடம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! அதனால் யோசிக்காமல் சொன்னேன்: "இதில் என்ன இருக்கு? குறைவா வேணும்னா வட்டத்துக்குக் கம்பியே கொடுக்காதே. எல்லாத்தையும் சதுரத்துக்கே கொடு."

பேத்தி சிரித்தாள். "தப்பு ஆச்சி. சதுரத்துக்கு 112/(π+4). மீதிதான் வட்டத்துக்கு."

"அது எப்படி?"

"வகையிட்டு பூஜ்யத்துக்குச் சமமா போட்டா அதுதான் வரும்."

"சரி, அந்தச் சதுரமும் வட்டமும் பார்க்க எப்படி இருக்கும்? எது பெரிசு?"

பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அதெல்லாம் கேக்கலையே ஆச்சி."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் காரணம் இருந்தது, விடை தப்பு. அவளிடம் விடை சரி, காரணம் இல்லை. இரண்டு பேருமே அந்தக் கம்பியைப் பார்க்கவில்லை. மறுநாள் உட்கார்ந்து மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதியானது. இந்தக் கணக்கைப் பிளஸ் டூ வரை ஒத்திப்போட வேண்டியதே இல்லை. பிளஸ் டூவில் போடும்போது, விடை வந்த இடத்தில் நிறுத்தவும் கூடாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன மாற்றம். 28 மீட்டருக்குப் பதில் 50 செ.மீ. கம்பி எடுத்துக்கொள்கிறேன். π-க்கு நாம் பள்ளியில் போடும் 22/7 தான். ஏன் 50 என்பது கொஞ்சத்தில் உங்களுக்கே தெரியும்.

என்னுடைய தப்பிலிருந்தே ஆரம்பிப்போம். 50 செ.மீ. முழுவதையும் சதுரமாக வளைத்தால் பக்கம் 12.5 செ.மீ., பரப்பளவு 156.25 ச.செ.மீ. முழுவதையும் வட்டமாக வளைத்தால் 198.86 வரும். ஆக, வட்டம்தான் அதிகம் அடைக்கிறது என்று நான் நடத்தியது சரிதான். ஆனால் கம்பியைப் பாதியாக வெட்டி, 25 செ.மீ.-ல் ஒரு சதுரமும் 25 செ.மீ.-ல் ஒரு வட்டமும் செய்து பாருங்கள். சதுரம் 39.06, வட்டம் 49.72. கூட்டினால் 88.78 தான். முழுச்சதுரத்தின் 156-க்கு இது எங்கே?

காரணம் இதுதான். கம்பி பாதியானால் பரப்பளவு பாதியாவதில்லை, கால்வாசி ஆகிவிடுகிறது. பக்கம் பாதியாகும்போது நீளத்திலும் பாதி, அகலத்திலும் பாதி. அதனால் வட்டமே வேண்டாம், இரண்டு சதுரம் மட்டும் செய்கிறோம் என்று வைத்துக்கொண்டாலும், 25 செ.மீ. சதுரங்கள் இரண்டும் சேர்ந்து 78.125 தான். முழுச்சதுரத்தில் சரிபாதி. அதாவது பரப்பளவைக் குறைக்கிற பெரிய வேலையைச் செய்வது வெட்டுதான். எந்த உருவம் என்பது இரண்டாவது விஷயம். நான் உருவத்தை மட்டும் பார்த்தேன், வெட்டை மறந்துவிட்டேன். உங்களில் பலரும் இதே தப்பைச் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த அரைப் பாடத்தை உங்களுக்கு நடத்தியதே நான்தானே!

இனி, வெட்டுகிற இடத்தை நகர்த்திக்கொண்டே போய்ப் பார்ப்போம். சதுரத்துக்குக் கொடுக்கும் கம்பியை மட்டும் சொல்கிறேன். மீதி வட்டத்துக்கு.

சதுரத்துக்கு 0 செ.மீ. என்றால் மொத்தப் பரப்பளவு 198.86
10 செ.மீ. என்றால் 133.52
20 செ.மீ. என்றால் 96.59
25 செ.மீ. என்றால் 88.78
28 செ.மீ. என்றால் 87.50
30 செ.மீ. என்றால் 88.07
40 செ.மீ. என்றால் 107.95
50 செ.மீ. என்றால் 156.25

ஒரு கிண்ணத்தின் குறுக்குவெட்டு மாதிரி இறங்கி, அடியைத் தொட்டு, மறுபடி ஏறுகிறது. அடி 28-ல் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து ஆளுக்கு இரண்டு வரி கொடுத்தால், ஒரு பீரியடில் இந்தப் பட்டியலைப் போட்டு முடித்துவிடுவார்கள்.

இப்போது அந்த 28 வரியை மட்டும் உற்றுப் பாருங்கள். சதுரத்துக்கு 28 செ.மீ., அதனால் பக்கம் 7 செ.மீ. வட்டத்துக்கு 22 செ.மீ. சுற்றளவு 22 என்றால் விட்டம் எவ்வளவு? ஆமாம், 7 செ.மீ. சதுரத்தின் பக்கமும் வட்டத்தின் விட்டமும் ஒன்றே. அந்த வட்டத்தைத் தூக்கி அந்தச் சதுரத்துக்குள் வைத்தால், நான்கு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு கச்சிதமாக உட்காரும். 50 செ.மீ. ஏன் எடுத்தேன் என்று இப்போது தெரிகிறதா? 28-ம் 22-ம் கூட்டினால் 50.

இது 50 செ.மீ. கம்பிக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் இல்லை. பேத்தியின் 28 மீட்டர் கணக்கில், 22/7 போட்டால் சதுரத்துக்கு 15.68 மீட்டர், வட்டத்துக்கு 12.32 மீட்டர். பக்கம் 3.92 மீட்டர், விட்டமும் 3.92 மீட்டர். கம்பி எவ்வளவு நீளமாக இருந்தாலும் இப்படித்தான் வரும். 112/(π+4) என்ற விடைக்குள் ஒளிந்திருக்கிற படம் இதுதான். வட்டம் சதுரத்துக்குள் சரியாகப் பொருந்தும் இடத்தில் வெட்டு. இப்படிச் சொன்னால் ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். 112/(π+4) என்று சொன்னால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும்.

சரி, பொருந்துகிறது. ஆனால் பொருந்தும்போதுதான் பரப்பளவு குறைவாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? இதற்கு வகை நுண்கணிதம் வேண்டாம். ஒரு செ.மீ. கம்பியை மட்டும் கவனித்தால் போதும்.

7 செ.மீ. பக்கமுள்ள சதுரத்துக்கு ஒரு செ.மீ. கம்பி கூடுதலாகக் கொடுக்கிறோம். நான்கு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றும் கால் செ.மீ. வளரும். சதுரத்தின் இரண்டு ஓரத்தில் 7 செ.மீ. நீளமும் கால் செ.மீ. அகலமும் உள்ள இரண்டு பட்டைகள் கூடுகின்றன. இரண்டும் சேர்ந்து 3.5 ச.செ.மீ. மூலையில் கால் செ.மீ.-க்குக் கால் செ.மீ. ஒரு சின்னச் சதுரமும் வரும், அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம்.

இந்த ஒரு செ.மீ. எங்கிருந்து வந்தது? வட்டத்திலிருந்து. 22 செ.மீ. சுற்றளவில் ஒரு செ.மீ. குறைந்தால் ஆரம் 7/44 செ.மீ. குறையும். வட்டத்தின் ஓரத்தில் வளையல் மாதிரி ஒரு மெல்லிய வளையம் போய்விடுகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 22, அகலம் 7/44. பெருக்கினால் 3.5 ச.செ.மீ.

ஒரு பக்கம் 3.5 வந்தது, இன்னொரு பக்கம் 3.5 போனது. சரிக்குச் சரி. அந்த 3.5 என்ன எண் என்று பாருங்கள். சதுரத்தில் அது பக்கத்தில் பாதி. வட்டத்தில் அது ஆரம். எந்தச் சதுரத்துக்கும், ஒரு செ.மீ. கம்பி கூட்டினால் கூடும் பரப்பளவு ஏறக்குறைய பக்கத்தில் பாதி. எந்த வட்டத்துக்கும் அது ஏறக்குறைய ஆரம். இந்த இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் வட்டம் சதுரத்துக்குள் பொருந்தும். அதுதான் ரகசியம்.

சமமாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாதியாக வெட்டிய கம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். சதுரத்தின் பக்கத்தில் பாதி 3.125. வட்டத்தின் ஆரம் 3.98. வட்டத்திலிருந்து ஒரு செ.மீ. எடுத்தால் 3.90 குறைகிறது. அதைச் சதுரத்துக்குக் கொடுத்தால் 3.19 தான் கூடுகிறது. மொத்தத்தில் 0.71 குறைந்துவிட்டது. அதாவது இன்னும் குறைக்க வழி இருந்தது, வெட்டு சரியான இடத்தில் இல்லை. மறுகோடியில், சதுரத்துக்கு 40 கொடுத்த வரியைப் பாருங்கள். அங்கே சதுரத்தின் பக்கத்தில் பாதி 5, வட்டத்தின் ஆரம் வெறும் 1.59. இப்போது சதுரத்திலிருந்து எடுத்து வட்டத்துக்குக் கொடுத்தால் குறையும். பெரிதாக இருப்பதிடமிருந்து எடுத்துச் சிறிதாக இருப்பதற்குக் கொடுக்கக் கொடுக்க மொத்தம் குறைந்துகொண்டே வரும். இரண்டும் சமமானதும், அதற்கு மேல் எடுத்துக் கொடுத்துப் பயன் இல்லை.

ஒதுக்கி வைத்த சின்னத் துண்டுகளை மறந்துவிடவில்லை. அவைதான் இந்தக் கணக்கை முழுமையாக நிரூபிக்கின்றன. சதுரத்துக்கு 28-க்குப் பதில் 28 + d கொடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்கு 22 − d. எட்டாம் வகுப்பு முற்றொருமையை வைத்து விரித்தால்:

சதுரம் = 49 + 3.5d + d²/16
வட்டம் = 38.5 − 3.5d + 7d²/88

கூட்டுங்கள். +3.5d-யும் −3.5d-யும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது:

மொத்தம் = 87.5 + 0.142 d² (ஏறக்குறைய)

d கூட்டல் எண்ணாக இருந்தாலும் கழித்தல் எண்ணாக இருந்தாலும் அதன் வர்க்கம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே 87.5-க்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. d பூஜ்யமாக இருக்கும்போது மட்டும்தான் 87.5 கிடைக்கும். வகைக்கெழு இல்லை, இரண்டாம் வகைக்கெழு இல்லை, நிரூபணம் முடிந்தது.

அந்தக் கடைசி வரி இன்னொன்றும் சொல்கிறது. வெட்டும்போது கை தவறி ஒரு செ.மீ. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விட்டது என்றால் நஷ்டம் எவ்வளவு? 0.14 ச.செ.மீ. 87.5-ல் அது ஒன்றுமே இல்லை. 27-ல் வெட்டினாலும் 29-ல் வெட்டினாலும் 87.64 தான். பாதியாக வெட்டினால்கூட 88.78 தானே. கிண்ணத்தின் அடி தட்டையானது. அதனால் வெறும் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, இதுதான் அடி என்று ஓர் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது கஷ்டம். 27.9 ஆக இருக்கலாம், 28.1 ஆகவும் இருக்கலாம். பட்டியல் எங்கே தேடுவது என்று சொல்லும். இடத்தை உறுதி செய்வது அந்தச் சமநிலைதான். பிள்ளைகள் பட்டியல் போட்டுவிட்டு நிரூபித்துவிட்டோம் என்று சொன்னால், ஆசிரியர் இந்த இடத்தில்தான் குறுக்கிட வேண்டும்.

இனி, எனக்கு ரொம்ப வருத்தமாகப் பட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியிடம் கேட்டேன்: "குறைவுக்குப் பதில் மிக அதிகமா வேணும்னு கேட்டா?" அவள் இரண்டாம் வகைக்கெழுவைப் பார்த்தாள். 28 மீட்டரோ 50 செ.மீ.-யோ, அது 1/8 + 1/(2π), எப்போதும் கூட்டல் எண். "அப்ப பெருமமே இல்லை ஆச்சி" என்றாள். அவளுடைய தோழி ஒருத்தி போனில் இருந்தாள். அவள், "அதே விடைதான் வரும், வகையிட்டா அது ஒண்ணுதானே வருது" என்றாள்.

இரண்டுமே சரியில்லை. மேலே போட்ட பட்டியலைப் பாருங்கள். 198.86 என்ற பெரிய எண் முதல் வரியிலேயே நிற்கிறது. முழுக்கம்பியும் வட்டத்துக்கே. வகைக்கெழு பூஜ்யமாவது கிண்ணத்தின் அடியில் மட்டும்தான். கிண்ணத்தின் விளிம்பில் அது பூஜ்யமாகாது. கம்பி தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான். அதனால் வகையிட்டுக்கொண்டே இருந்தால் விளிம்பு கண்ணில் படவே படாது. இரண்டு முனையிலும் என்ன மதிப்பு என்று தனியாகப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு செ.மீ. கதை இங்கேயும் உதவும். அதிகம் வேண்டுமென்றால் சிறிதாக இருப்பதிடமிருந்து பிடுங்கிப் பெரிதாக இருப்பதற்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கக் கொடுக்க அது இன்னும் பெரிதாகும், இன்னும் கொடுக்கத் தோன்றும். இதற்கு நடுவில் நிற்கும் இடமே இல்லை, ஒருவரிடம் எல்லாம் போய்ச் சேரும்வரை நிற்காது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "கண்டிப்பாக இரண்டு துண்டாக வெட்ட வேண்டும்" என்று கேள்வி பிடிவாதமாகச் சொன்னால், முழுக்கம்பியும் வட்டத்துக்கு என்பது செல்லாது. அப்போது 198.86-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், தொட முடியாது. அந்த அர்த்தத்தில் பேத்தி சொன்னது சரியாகிவிடும். ஆனால் அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. குறியைப் பார்த்துச் சொன்னாள்.

இன்னொன்று. அதே புத்தகத்தில், அதே பாடத்தின் கடைசியில் உள்ள பல்வகைப் பயிற்சியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வட்டத்தின் சுற்றளவும் ஒரு சதுரத்தின் சுற்றளவும் சேர்ந்து ஒரு மாறிலி. பரப்பளவுகளின் கூடுதல் மிகக் குறைவாக இருக்கும்போது சதுரத்தின் பக்கம் வட்டத்தின் ஆரத்தைப் போல இரு மடங்கு என்று நிறுவுக. படித்துப் பாருங்கள். கம்பி என்ற சொல்லை எடுத்துவிட்டால் இதுவும் அதுவும் ஒரே கணக்கு! பக்கம் ஆரத்தைப் போல இரு மடங்கு என்றால் பக்கமும் விட்டமும் சமம் என்றுதானே பொருள். பேத்தியின் நோட்டில் இரண்டு கணக்குமே அழகாகப் போடப்பட்டிருந்தன, இரண்டுக்கும் நடுவில் சில பக்கங்கள். இரண்டும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. ஒன்றில் விடை 112/(π+4), இன்னொன்றில் "நிறுவப்பட்டது". இரண்டு தனித்தனி ஊர் மாதிரி.

நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவளுடைய ஆசிரியரையும் சொல்லவில்லை. பாடம் முடிக்க வேண்டிய அவசரம் எனக்குத் தெரியாததா? நானும் அந்த அவசரத்தில்தான் வட்டம் அதிகம் அடைக்கும் என்பதோடு நிறுத்தினேன். அடுத்த கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அறுபது வயதுக்கு மேல் பேத்தி முன்னால் அசடு வழிந்திருக்க மாட்டேன்.

மறுநாள் சாயந்திரம் ஹார்டுவேர் கடையில் கட்டுக்கம்பி வாங்கிவந்து அவளோடு உட்கார்ந்தேன். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். 50 செ.மீ. அளந்து வெட்டி, அதில் 28-ல் ஒரு குறி வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். 28 செ.மீ. துண்டில் 7, 14, 21 என்ற இடங்களில் குறி வைத்து, மூக்குக் கொறடால் பிடித்து மடித்தால் சதுரம். வட்டம்தான் படுத்தும். கையால் வளைத்தால் முட்டை மாதிரி போகும். விட்டம் ஏழு செ.மீ.-க்குச் சற்றுக் குறைவான ஒரு டப்பாவைச் சுற்றி வளையுங்கள். விட்டதும் கம்பி கொஞ்சம் விரியும், அது 7-க்கு வந்து நிற்கும். முனைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் அரை செ.மீ. அங்கேயே போய்விடும், வட்டம் சதுரத்துக்குள் லொடலொடவென்று ஆடும். முனைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும், மேலே ஒரு செல்லோடேப். வட்டம் உள்ளே போகாமல் இறுக்கினால் பயப்பட வேண்டாம். நாம் கணக்கில் கம்பியின் தடிமனைச் சேர்க்கவில்லை, அதுதான் முட்டுகிறது. தாளில் ஓரத்தை வரைந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 22/7 போட்டதால் தப்பு வருமோ என்று கேட்பவர்களுக்கு: உண்மையான π-ஐ வைத்தால் சதுரத்துக்கு 28.005 செ.மீ. வரும். அந்த வித்தியாசம் கம்பியின் தடிமனைவிடச் சிறியது.

பேத்தி வட்டத்தைச் சதுரத்துக்குள் வைத்து அழுத்தினாள். ஒரு மூலையைத் திருத்தி மறுபடி வைத்தாள், உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முக்கோணமும் வட்டமும்னா ஆச்சி?" என்று கேட்டாள்.

எனக்கு அது போதும். விடையையும் சொல்லிவிடுகிறேன். சமபக்க முக்கோணமாக இருந்தாலும் அதே கதைதான், வட்டம் முக்கோணத்துக்குள் மூன்று பக்கத்தையும் தொட்டு உட்காரும் இடத்தில் வெட்ட வேண்டும். ஏன் என்பதை ஒரு செ.மீ. கம்பியை நகர்த்தி நீங்களே கண்டுபிடியுங்கள். எந்தச் சமபக்க உருவத்திலும், ஒரு செ.மீ. கம்பி கூட்டினால் கூடும் பரப்பளவு ஏறக்குறைய அதன் உள்வட்டத்தின் ஆரம்தான். அதற்கு மேல் துப்பு கிடையாது.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஏழு, எட்டாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு நடத்தும்போது, 50 செ.மீ. கம்பியை ஒரே ஒரு பீரியட் கொடுங்கள். நுண்கணிதம் வேண்டாம், பட்டியலும் கம்பியும் போதும். பிளஸ் டூ நடத்துபவர்கள் விடை வந்தபின் மூன்றே கேள்வி கேளுங்கள். இரண்டு உருவத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எப்படி இருக்கும்? மிக அதிகம் வேண்டுமென்றால் எங்கே வெட்டுவாய்? வெட்டு ஒரு செ.மீ. தவறினால் எவ்வளவு போகும்? இந்த மூன்றுக்கும் பரீட்சையில் மதிப்பெண் கிடையாது என்று எனக்கும் தெரியும். ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் இல்லாததால்தான் ஒரே கணக்கை ஒரே பாடத்தில் இரண்டு தடவை போட்டும் ஒரு பிள்ளைக்கு அது தெரியாமல் போகிறது.

பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டில் இருக்கும் சொந்தங்களே, இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் நீங்களும் ஒரு விடை சொல்லுங்கள். என்னை மாதிரி "எல்லாம் சதுரத்துக்கே" என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், உங்கள் டீச்சரும் அந்தக் கட்சிதான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்